ஒரு வாக்கியம் பேச்சாகும் அழகு

பள்ளி நூலகர் ஒருவரின் பணி ஓய்வு விழாவுக்கு எழுதிய வாக்கியம் இது:

"கடந்த 31 ஆண்டுகளாக இப்பள்ளி நூலகத்தைத் தம் இல்லம்போல் பேணி, மழையில் நனைந்த நூல்களை ஒவ்வொன்றாக உலர்த்தி மீட்டெடுத்து, வாசிக்கத் தயங்கிய மாணவர்களுக்கும் அவரவர்க்கேற்ற நூலைத் தேர்ந்தளித்த நம் நூலகர் அம்மையார் இன்று பணி ஓய்வு பெறுகிறார்."

விழா மலரில் அச்சானால் எத்தனை அழகு! பேணி, உலர்த்தி, மீட்டெடுத்து என்று எச்சங்கள் கைகோத்து நடந்து, கடைசியில் ஒரே வினைமுற்றில் வந்து அமர்கின்றன. கண் விரும்பினால் திரும்பிப் போய்ப் படிக்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. எழுந்து நின்று வாய்விட்டுப் படித்து, மூச்சு வாங்கும் இடங்களில் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு கோடு பெரும்பாலும் 'தேர்ந்தளித்த' என்பதற்கும் 'நம் நூலகர்' என்பதற்கும் நடுவில் விழும். பெயரெச்சம் தன் பெயரைத் தேடி அந்தரத்தில் நிற்கும் இடம் அது. குரல் அங்கே இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது.

இனி அதே வாக்கியம் பேச்சானதைக் கேளுங்கள்:

"அம்மா, 31 வருஷமா இந்த நூலகத்தை நீங்க வீடு மாதிரி பார்த்துக்கிட்டீங்க. ஒரு மழையில புத்தகமெல்லாம் நனைஞ்சு போச்சு. ஒவ்வொண்ணா காயவெச்சு எடுத்தீங்க. படிக்கவே பிடிக்காதுன்னு சொன்ன பையனுக்கும், அவனுக்கான புத்தகம் எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. இன்னிக்கு நீங்க கிளம்புறீங்க."

முதலில் அந்த 'அம்மா'வில் சற்று நில்லுங்கள். எழுத்தில் ஏறக்குறைய முழு வாக்கியத்தையும் கடந்து வந்தவர், இங்கே முதல் சொல்லிலேயே எதிரில் இருக்கிறார். 'அம்மையார்' என்ற படர்க்கை 'நீங்க' என்று திரும்பியதும், அவரைப் பற்றிய பேச்சு அவரோடு பேசும் பேச்சாகிவிட்டது. வழியனுப்புதலுக்கு இதைவிட நெருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, எச்சங்கள் முற்றுகளாக மலர்ந்த நயம். ஒரே முற்று இருந்த இடத்தில் இப்போது 5. ஒவ்வொன்றும் குரல் இறங்கி இளைப்பாறும் திண்ணை. எல்லாமே '-ஈங்க' என்று முடிந்திருந்தால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலாகியிருக்கும். நடுவே 'போச்சு' என்றும் 'தெரிஞ்சிருந்தது' என்றும் ஓசை மாறுகிறது பாருங்கள், அங்கேதான் எழுதியவரின் செவி தெரிகிறது. நான்காம் வாக்கியத்தை மட்டும் வெட்டாமல் நீளவிட்டதும் அதே செவிதான். எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கினால் அறிவிப்புப் பலகையின் வறட்சி வந்துவிடும்.

'மாணவர்கள்' ஒரு 'பையன்' ஆனதும் இனிமை. அரங்கில் இருக்கும் யாரோ ஒருவன் அது தான்தான் என்று நினைத்துக்கொள்வான்.

கடைசி வாக்கியத்தில் மூன்றே சொற்கள். தொண்டை அடைக்கும் இடம் அது. 'பணி ஓய்வு பெறுகிறீர்கள்' என்பது இடறும். 'கிளம்புறீங்க' என்பதை உடைந்த குரலிலும் சொல்லி முடித்துவிடலாம்.