குறுந்தொகைப் பிரசங்கத்தைக் கட்டமிட்டுக் கேட்பது

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர்ச் சாலையில் சிறிது தூரம் சென்றால், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம் நிற்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற அவ்விடத்திலாயினும், வேறொரு கல்லூரி மண்டபத்திலாயினும், சங்கப் பாடல்களைக் குறித்து ஒரு பிரசங்கம் நிகழுமானால், கேட்பவர்களிற் பலர் இரண்டொரு அழகிய உவமைகளையும் பேசியவரின் நகைச்சுவையையும் மாத்திரமே வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். அவர்களுக்கு என் யோசனை, நோட்டுப் புத்தகத்தை அகலவாட்டில் திருப்பி, திணை, நிலமும் கருப்பொருளும், யார் யாரிடம் சொல்வது, யாப்பு, சான்றடி என்று ஐந்து கட்டங்கள் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டுக்கு ஒரு வரிசையாக நிரப்பிப் பார்க்க வேண்டும் என்பதே. புறப்பாட்டு இடையில் வந்தால் அதை வேறு தாளில் எழுதுக. அங்கே திணை என்பது வேறு கணக்கு.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தேவகுலத்தார் பாடிய நான்கடிப் பாட்டு அது. தலைவனோடு தான் கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்று தலைவி சொல்வதாகப் பிரசங்கிகள் எல்லோரும் உருக்கத்தோடு எடுத்துரைப்பார்கள். திணைக் கட்டத்தில் குறிஞ்சி என்று எழுதிவிடலாம். ஆனால் மூன்றாம் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால், இப்பாட்டு காதலைப் பற்றிய பொதுவானதொரு புகழ்ச்சியாகவே நின்றுவிடும். பாட்டின்கீழ்ப் பழையோர் எழுதி வைத்த துறைக் குறிப்போ, தோழி தலைவனைக் குறை கூறினாள் என்றும், அதைப் பொறாத தலைவி அவன் பெருமையை எடுத்துரைத்தாள் என்றும், தலைவன் வேலிப்புறத்தே நின்று இதனைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்றும் தெரிவிக்கிறது. சொல்பவள் தலைவி, கேட்பவள் தோழி, ஒட்டுக்கேட்பவன் தலைவன் என மூன்று பெயரையும் அக்கட்டத்தில் எழுதிய மாத்திரத்தில் பாட்டு ஒரு விவாதத்தின் நடுவே எழுந்த பதிலாக மாறுகிறது. அந்தப் பதிலை அவன் கேட்கிறான் என்பதால், இத்தனை பெரிய நட்புக்கு அவன் இனி என்ன செய்யப் போகிறான் என்ற வினாவும் சொல்லாமலே அதில் அடங்கிவிடுகிறது.

சான்றடிக் கட்டத்தில் எந்த அடியை எழுதுவது? முதலடியை எழுதவே கை செல்லும், அது புகழ்பெற்றது. ஆயினும் குறிஞ்சித் திணைக்கு அது சான்றாகாது, ஏனெனில் நிலமும் வானும் நீரும் எந்தத் திணைக்கும் பொது. கரிய கொம்பையுடைய குறிஞ்சியின் பூக்களிலிருந்து தேன் திரட்டப்படும் மலைச்சாரல் வருவது பிற்பகுதியில்தான். ஆகவே கடைசி இரண்டடிகளை எழுதுக. வாக்கியத்தின் எழுவாயாகிய நட்பு என்னும் சொல்லும் பாட்டின் இறுதியிலேதான் நிற்கிறது. எது பெரியது, எது உயர்ந்தது என்ற விடை அதுவரை ஒத்திவைக்கப்படுகிறது என்பதும் அப்பொழுது கண்ணிற்படும். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பது என்று பேச்சாளர் பத்து நிமிஷம் செலவிடக்கூடும். சுவையான விஷயம்தான், ஆனால் பாட்டில் அது இல்லை, ஆதலால் ஓரத்தில் எழுதிக்கொள்க.

யாப்புக் கட்டத்தில் ஆசிரியப்பா என்று மட்டும் எழுதினால் குறுந்தொகை முழுவதற்கும் அதே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத நேரும். ஈற்றயலடியை, அதாவது கடைசிக்கு முந்திய அடியை, எண்ணிப் பாருங்கள்: மூன்றே சீர் இருந்தால் நேரிசை, எல்லா அடியும் நாற்சீராயின் நிலைமண்டிலம். இந்தப் பாட்டில் அது முச்சீர். முடிவுக்கு முன் ஓசை ஒருமுறை சுருங்கி, நான்காம் அடியில் மறுபடி விரிவதை உரக்கப் படித்தால் செவியே சொல்லிவிடும்.

எல்லாப் பாட்டும் இவ்வளவு இணக்கமாகக் கட்டங்களில் அமர்ந்துவிடுவதில்லை. செம்புலப்பெயனீரார் பாடிய நாற்பதாம் பாட்டில், சிவந்த நிலத்தில் விழுந்த மழைநீரைத் தவிர மலையும் இல்லை, குறிஞ்சிப் பூவும் இல்லை; இருந்தும் அதன் திணை குறிஞ்சியே. இரண்டாவது கட்டத்தை நிரப்ப வேண்டுமென்று அந்த மழையையே நிலத்துக்குரிய பொருளாக எழுதிவிடுவது பலர் செய்யும் பிழை. அது உவமையாய் வந்தது. அக்கட்டத்தைக் காலியாக விட்டு, கூடலாகிய உரிப்பொருளால் திணை அமைந்தது என்று பக்கத்தில் குறிப்பதே முறை. உரிப்பொருளல்லாதவை மயங்கலாம் எனத் தொல்காப்பியம் இடமளித்திருக்கிறது.

பேச்சாளர் துறைக் குறிப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டாரானால், வீடு திரும்பியதும் உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைத் திறந்து மூன்றாம் கட்டத்தை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் முதலில் உங்கள் ஊகத்தைப் பென்சிலால் எழுதிவிட்டு, அதன்பின் திறப்பது நல்லது.