பறம்பு முற்றுகையும் ஒரு அடைமொழியும்

புறநானூற்றைப் படிப்பிக்கிற எவருக்கும் ஒரு கேள்வி வந்தே தீரும். எல்லா மன்னரும் மழை போலக் கொடுத்தார்கள், எல்லா மன்னரும் யானைப்படையை வென்றார்கள் என்றால் ஒருவருக்கும் மற்றவருக்கும் என்ன வித்தியாசம்? வவுனியாவில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இதை, "எல்லாம் ஒரே புகழ்தானே சேர்" என்று சுருக்கமாகக் கேட்டு விடுவார்கள். கேள்வி நியாயமானது. நமது பேராசிரியர் கைலாசபதி, பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாகக் கொண்டுவந்த ஆங்கில நூலில், இந்த ஒற்றுமைக்கு விடை சொன்னார். வாய்மொழியாகப் பாடிய பாணர் மரபில் அடைமொழியும் தொடரும் ஆயத்தமாகவே கையிருப்பில் இருந்தன. பாடுவோன் அவற்றை எடுத்துக் கோத்தான் என்பது அவரது விளக்கம்.

விளக்கம் சரிதான். ஆனால் கையிருப்பு எங்கிருந்து வந்தது என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடக் கூடாது. அதை வைத்துப் புலவன் என்ன செய்தான் என்று பார்க்க பாரியின் பாடல்களை விட நல்ல இடம் இல்லை.

மூவேந்தர் பறம்பு மலையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். கபிலர் அவர்களைப் பார்த்துப் பேசுகிறார். முற்றுகைப் பாட்டு என்றால் மதிலின் உயரத்தையும் வீரரின் வேலையும் பாடுவதே மரபு. கபிலர் மலையின் விளைச்சலைப் பாடுகிறார் (109). மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழவர் இல்லாமலே கிடைக்கும், ஆகவே பட்டினி போட்டு இதை வெல்ல ஏலாது என்கிறார். முற்றுகை என்றால் அரிசிக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்ப்பது என்று வன்னி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு, இதைப் பெற ஒரு வழி உண்டு என்கிறார்: விறலியர் பின்வர, ஆடிப் பாடி வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே தருவான்.

இது கொடைப் புகழ்ச்சிதான். ஆனால் ஏச்சும் இதுதான். வேந்தரைப் பரிசிலர் இடத்தில் நிறுத்தி விடுகிறது. அடுத்த பாட்டு (110) இன்னும் கூர்மை: பறம்பு நாட்டின் 300 ஊர்களையும் இரவலர் ஏற்கெனவே பெற்றுவிட்டார்கள், மிஞ்சியிருப்பது பாரியும் நாமும் குன்றும்தான், பாடி வந்தால் அதுவும் கிடைக்கும். கொள்ளையடிக்க வந்தவனுக்குக் கொள்ளையிட எதுவுமில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இப்பாடல்களுக்குப் பின்னுள்ள குறிப்பு, துறையை 'மகண்மறுத்தல்' என்று சொல்கிறது. பெண் கேட்டு வந்த வேந்தருக்கு மறுத்தான், அதனால் போர் என்ற கதையை நம்மில் பலர் இதை வைத்தே சொல்கிறோம். பாடல்களில் மகளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பெண் காரணமாக ஊர் அழிவதைப் பாடும் பாடல்கள் புறநானூற்றில் வேறு இருக்கின்றன (336 முதல்). அவற்றில் அந்தப் பெண்ணும் பாட்டுக்குள்ளேயே நிற்கிறாள். பாரியின் பாடல்களைத் துறைக் குறிப்பை மூடிவைத்து ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பேச்சு முழுக்க நிலமும் கொடையும்தான்.

பாரியை எல்லாரும் புகழ்கிறீர்களே, உலகத்தைக் காக்க மழையும் இருக்கிறதே என்று கபிலர் வேறொரு பாட்டில் (107) குறைபடுவது போலச் சொல்வார். மழையோடு ஒப்பிடும் வழக்கம் தேய்ந்துபோனதால்தான் அது வேலை செய்கிறது. கேட்போருக்கு மரபு தெரியாவிட்டால் அதில் சிரிப்பே இல்லை. ஹாத்திம் தாயியின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கும், சீதக்காதி மரித்த பின்னும் கொடுத்தார் என்ற வழக்கைக் கேட்டவருக்கும் இந்த மிகைக் கணக்கு புதிதல்ல.

பாரி வீழ்ந்த பின் அவன் மகளிர் பாடியதாக உள்ள பாட்டு (112) ஐந்தே அடி. போன மாதத்து நிலவொளியில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாதத்து நிலவொளியில் வேந்தர் குன்றைக் கொண்டார், தந்தையும் இல்லை. இவ்வளவுதான். வேந்தருக்குப் பேர் சொல்லவில்லை. ஆனால் வெற்றி முரசு முழக்கும் வேந்தர் என்ற அடைமொழி மட்டும் கூடவே வருகிறது. புகழுக்கென்று பாணரிடம் ஆயத்தமாக இருந்த அதே சொல்தான். தகப்பனை இழந்த பிள்ளைகளின் வாயில் அது கசந்து போகிறது. யாரும் வசைச்சொல் சேர்க்கவில்லை. மூவர் சேர்ந்து ஒரு சிற்றூர்த் தலைவனை வென்றதற்கு முரசு எதற்கு என்று கேட்கவும் இல்லை. கேட்பவனே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட நமது மூத்தோர் முல்லைத்தீவைப் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான், யார் செய்தார் என்பதைவிட, அந்த மாதத்துக்கு முன்னே, அந்த மாதத்துக்குப் பின்னே என்றே கணக்கு வைக்கிறார்கள். இதை நான் ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் தேதியாக நிலவு ஏன் வருகிறது என்பதற்குச் சொல்கிறேன்.

கபிலர் பின்பு சேர மன்னன் செல்வக்கடுங்கோவைப் பாடினார். அங்கும் பாரியின் சாவைச் சொல்லித்தான் தொடங்குகிறார் (பதிற்றுப்பத்து 61). வாழும் அரசனின் அவையில், இறந்தவனின் புகழே முதலில் வருகிறது.