சப்டைட்டிலில் முதலில் தொலைவது சுழி

சில மாசம் முன்னாடி வீட்டு டிவியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சப்டைட்டில் வைத்துத்தான் பார்ப்பார். தேர்த்திருவிழாக் காட்சி, பின்னால் முழுக்க வெள்ளை வேட்டிக் கூட்டம். “‘மிதியை நாளைக்குக் கொடு’ன்னு போட்டிருக்கேடா, எதை மிதிக்கணும்?” என்றார். ஃபைலைத் திறந்து பார்த்தால் ‘மீதியை’ என்று சரியாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது. வீட்டுக் கணினியில் படம் ஓட்ட நானே எழுதிய பக்கம் அது, சப்டைட்டிலின் தோற்றத்தை முடிவு செய்ததும் நான்தான்.

அதே காட்சியில் மூன்று பாணிகளைப் போட்டுப் பார்த்தேன்: மங்கலான நிழல், கறுப்பு அவுட்லைன், பாதி ஒளி ஊடுருவும் கறுப்புப் பெட்டி. எழுத்து மூன்றிலும் வெள்ளை.

நிழல் முதல் சுற்றிலேயே தோற்றது. நிழல் ஓரத்துக்குப் போகப் போக வெளுத்துவிடும். வெள்ளை வேட்டி மேல் எழுத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

அம்மா பார்த்தது அவுட்லைன். நான் எழுதியிருந்தது இது:

```
-webkit-text-stroke: 4px black;
```

இந்த 4 பிக்சல் கோடு எழுத்துக்கு வெளியே மட்டும் விழும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எழுத்தின் விளிம்பை நடுவாக வைத்து 2 பிக்சல் வெளியே, 2 பிக்சல் உள்ளே விழுகிறது, அதுவும் வெள்ளைக்கு மேலேயே. ஆங்கிலத்தில் எழுத்து கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். தமிழில் நிலைமை வேறு. என் எழுத்துருவில் புள்ளியின் குறுக்களவு 6 பிக்சல். இரண்டு பக்கமும் அரிக்கப்பட்டு மிச்சம் 2 பிக்சல். ‘மி’யை ‘மீ’ ஆக்கும் சுழிக்கும் அதே கதிதான். ‘கொடு’, ‘கோடு’ இரண்டையும் பிரிப்பதும் கொம்பின் உச்சியில் உள்ள ஒரு சுழிதான். எழுத்தின் உடல் தப்பித்துவிடும், பொருளை மாற்றும் குறி போய்விடும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாக இருப்பது போலவே தோன்றும் என்பதால் இந்தத் தப்பு சட்டென்று கண்ணில் படாது.

தீர்வு ஒரே வரி. கோட்டை முதலில் வரை, வெள்ளையை அதன் மேல் நிரப்பு என்று பிரவுசரிடம் சொன்னால் போதும்:

```
paint-order: stroke fill;
```

புள்ளியும் சுழியும் முழுசாகத் திரும்பி வந்தன. ஆனாலும் கூட்டம் அசையும்போது எழுத்தைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாக ஏதோ ஆடிக்கொண்டே இருக்கிறது. சின்னக் குறியைத் தேடும் கண்ணுக்கு அது தொந்தரவு.

பெட்டியில் அந்தத் தொந்தரவு குறைவு. அதைவிட முக்கியம், அதன் மோசமான நிலையை முன்கூட்டியே கணக்குப் போட முடியும். பின்னணி எதுவானாலும் தூய வெள்ளையைவிட மோசமாகாது. வெள்ளை மேல் 50% கறுப்பு போட்டால் எழுத்துக்கும் பெட்டிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் ஏறக்குறைய 4. 60% போட்டால் 5.7. இணைய அணுகல் விதி (WCAG) பெரிய எழுத்துக்கு 3, சாதா எழுத்துக்கு 4.5 கேட்கிறது. சப்டைட்டில் பெரிய எழுத்துதானே, 3 போதாதா என்று கேட்கலாம். எழுத்து பெரிசுதான், சுழி பெரிசில்லையே. அதனால் நான் 4.5-ஐயே எடுத்துக்கொண்டு 60% வைத்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தபோது தெலுங்கு காலை வாரியது. என் மனைவி தெலுங்கு சப்டைட்டில்தான் படிப்பார். தெலுங்கில் கூட்டெழுத்து கீழ்நோக்கி அடுக்கும். ‘ஸ்த்ரீ’ என்று எழுதினால் ஸகரத்துக்குக் கீழே தகரமும் ரகரமும் ஒட்டிக்கொள்ளும், தலைமேல் ஈகாரம் ஏறும். என் பெட்டி வரிக்கு வரி தனித்தனியாக வந்தது, வரி இடைவெளி 1.2. இரண்டாம் வரியின் பெட்டி முதல் வரியின் அடிக்குறிகள் மேல் ஏறி அவற்றை மங்கடித்துவிட்டது. தமிழில் ‘கு’, ‘ரு’ மாதிரி எழுத்துகளின் அடிப்பகுதியிலும் லேசாக இது இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரே பெட்டியாக்கி, வரி இடைவெளியைக் கூட்டினதும் சரியானது:

```
display: inline-block;
line-height: 1.6;
background: rgba(0,0,0,0.6);
```

பெட்டிக்கும் விலை உண்டு. படத்தின் கீழ்ப்பகுதியை மறைக்கும், இரண்டு வரி வந்தால் இன்னும் உயரமாக மறைக்கும். காட்சியழகுக்காகப் பார்க்கிற படத்துக்கு, கோடு அடியில் போகிற அவுட்லைனே நல்லது. வசனத்தை நம்பிப் பார்ப்பவருக்குப் பெட்டிதான்.

நீங்கள் ஒரு பாணியைச் சோதிப்பதாக இருந்தால் அழகான வாக்கியம் எதுவும் வேண்டாம். ‘மிதி மீதி கொடு கோடு’ என்று இரண்டு வரி போட்டு, வெள்ளைக் கூட்டத்தின் மேல் ஓடவிட்டு, டிவியிலிருந்து வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவருக்கு விடை தெரியும், அதனால் சுழி இல்லாவிட்டாலும் சரியாகவே வாசித்துவிடுவார். எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சோதனையை அம்மாதான் செய்கிறார்.