தணிக்கை அறிக்கைத் தமிழில் செய்வினையும் செயப்பாட்டு வினையும்

1. முன்னுரை

தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளுள் மாநிலக் கணக்குகளைப் பற்றியவை, அரசமைப்பின் 151ஆம் உறுப்பின்படி ஆளுநரிடம் அளிக்கப்பட்டுச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டைப் பற்றிய அறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் வெளியிடப்படுகின்றன. பொதுக் கணக்குக் குழு இவற்றை அடிப்படையாகக் கொண்டே துறைச் செயலாளர்களை அழைத்து வினவுகிறது. எனவே, ‘இதனைச் செய்தவர் யார், செய்யத் தவறியவர் யார்’ என்னும் வினாவிற்கு விடை தருவது அறிக்கைத் தொடரின் கடமையாகிறது.

இவ்வகை உரைநடையைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. செயப்பாட்டு வினை நடுநிலையைக் காட்டுவதால் அறிக்கைக்கு அதுவே உரியது என்பது ஒன்று. செயப்பாட்டு வினை ஆங்கிலத்தின் வழி வந்தது, ஆகவே இயன்றவரை விலக்கத்தக்கது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தா என்பதையும், தேர்வுக்குரிய அளவுகோல் தமிழ்த் தொடரமைப்பிலேயே உள்ளது என்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். இங்குத் தரப்படும் எடுத்துக்காட்டுகள் அறிக்கை நடையை ஒட்டி இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை. எந்த அறிக்கையிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

2. இரு மொழிகளில் இரு வேறு தேவைகள்

செயப்பாட்டு வினை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘எனப்படுப’ என்னும் வடிவம் வருகிறது. ‘செயப்படுபொருள்’ என்னும் இலக்கணக் கலைச்சொல்லின் உள்ளேயே ‘படு’ உள்ளது. ஆயினும், அங்கெல்லாம் அது வரும் சூழல் கருதத்தக்கது. ‘எழுத்து எனப்படுவது’ என்று இலக்கணி கூறும்போது, அவ்வாறு சொல்பவர் யார் என்பது எவருக்கும் தேவைப்படுவதில்லை. வினைமுதல் வேண்டப்படாத இடத்தில்தான் அவ்வடிவம் நிற்கிறது.

ஆங்கிலத்தில் இவ்வினைக்கு மேலும் ஒரு பணி உண்டு. அம்மொழியில் சொல்வரிசையே எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டுவதால், செயப்படுபொருளைத் தொடரின் முதலில் வைத்துப் பேச வேண்டுமாயின், பெரும்பாலும் அதனை எழுவாயாக்கி வினையைச் செயப்பாட்டு வினையாக்க வேண்டும். தமிழில் வேற்றுமை உருபு அவ்வேலையைச் செய்துவிடுகிறது. கீழ்வரும் தொடர்களை ஒப்பிடலாம்.

(1) அ. இக்கோப்பை நிதித்துறை திருப்பி அனுப்பியது.
ஆ. இக்கோப்பு நிதித்துறையால் திருப்பி அனுப்பப்பட்டது.

இரண்டிலும் கோப்பே முதலில் நிற்கிறது. இரண்டும் கோப்பைப் பற்றியே பேசுகின்றன. (1ஆ) கூடுதலாகத் தருவது ஓர் உருபும் ஒரு துணைவினையுமே. ஆங்கில மூலத்தில் அவ்வடிவம் தேவையால் வந்தது. தமிழ் பெயர்ப்பில் அது பழக்கத்தால் வந்தது. வினைமுதலை ‘ஆல்’ உருபுடன் வெளிப்படையாகக் கூறும் செயப்பாட்டுத் தொடர்களுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. இவற்றைச் செய்வினையாக மாற்றுவதால் பொருளோ அழுத்தமோ குறைவதில்லை. ‘படு’ என்பதற்கு மாறாகப் ‘பெறு’ என்பதை இட்டு ‘அனுப்பப்பெற்றது’ என எழுதுவதும் இக்குறையை நீக்காது.

3. ‘ஆல்’ உருபின் சுமை

வினைமுதலுடன் கூடிய செயப்பாட்டு வினை வெறும் மிகை மட்டுமன்று. சில இடங்களில் பிழையான பொருளையும் தருகிறது. ‘ஆல்’ உருபு தமிழில் கருவியையும் ஏதுவையும் வினைமுதலையும் காட்டுகிறது. இயலுதல், முடிதல் என்னும் பொருள்படும் வினைகளோடு வரும்போது ஆற்றலுக்கு உரியவரையும் அதுவே காட்டுகிறது: ‘துறையால் இயலவில்லை’.

(2) ஒப்பந்ததாரரால் பணி முடிக்கப்படவில்லை.

இத்தொடரைப் படிப்பவர் ‘ஒப்பந்ததாரர் பணியை முடிக்கவில்லை’ என்றும் கொள்ளலாம். ‘அவரால் முடிக்க இயலவில்லை’ என்றும் கொள்ளலாம். எதிர்மறை வினையோடு ‘ஆல்’ வரும்போது இரண்டாவது பொருளின் பக்கமே மனம் சாய்கிறது. ‘என்னால் வர முடியவில்லை’ போன்ற தொடர்களின் பழக்கமே இதற்குக் காரணம் எனலாம். தில்லியில் நாள்தோறும் கேட்கும் இந்தியில் இச்சாய்வு இலக்கணமாகவே நிலைபெற்றுள்ளது. ‘முஜ்ஸே சலா நஹீம் ஜாதா’ என்னும் தொடர் வடிவத்தால் செயப்பாட்டு வினை. பொருளாலோ ‘என்னால் நடக்க முடியவில்லை’ என்பதே. தமிழில் ‘நட’ போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகள் இவ்வாறு ‘படு’ ஏற்பதில்லை. ஆயினும், செயப்படுபொருள் குன்றா வினைகளின் எதிர்மறையில் அதே மயக்கம் தோன்றுவதை (2) காட்டுகிறது.

தணிக்கைக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. முடிக்காதது ஒப்பந்தத் தவறு; அதற்குத் தண்டத் தொகை உண்டா என்று கேட்கலாம். முடிக்க இயலாதது வேறு. நிலத்தை உரிய காலத்தில் ஒப்படைக்காத துறையின் மீது அது திரும்பக்கூடும். ‘ஒப்பந்ததாரர் பணியை முடிக்கவில்லை’ என்னும் செய்வினைத் தொடரில் இம்மயக்கம் எழ வழியில்லை.

4. ஒரு பத்தியின் ஆய்வு

வினைமுதலைக் கூறாத செயப்பாட்டுத் தொடர்களே அறிக்கைகளில் மிகுதி. அவை அடுக்கி வரும்போது நிகழ்வதைக் கீழ்வரும் பத்தி காட்டும்.

(3) மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கென இரண்டு கருவிகள் கொள்முதல் செய்யப்பட்டு, அறை கட்டப்படாததால் நிறுவப்படாமல் வைக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. இது குறித்துச் சுட்டிக்காட்டப்பட்டபோது, நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது.

இரண்டே தொடர்களில் எட்டு வினைகள் ‘படு’ ஏற்றுள்ளன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யாரால்?’ என்று எழுதிப் பார்த்தால், எட்டுக்கும் விடை ஒன்றன்று என்பது புலனாகும். கொள்முதல் செய்தது ஓர் அமைப்பு, அறையைக் கட்ட வேண்டியது மற்றொன்று, கருவிகளை வைத்திருந்தது மருத்துவமனை, கண்டறிந்ததும் சுட்டிக்காட்டியதும் தணிக்கை, தெரிவித்தது அரசு. நடவடிக்கை எடுக்கப்போவது யார் என்பது இவை எவற்றாலும் பெறப்படவில்லை. ஐந்து வேறு வினைமுதல்கள் ஒரே வடிவத்தின் பின்னே மறைந்துள்ளமையால், எல்லாச் செயல்களும் தாமே நிகழ்ந்தன போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

இதனைப் பின்வருமாறு திருத்தி எழுதலாம்.

(4) மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கென மருத்துவப் பணிகள் இயக்ககம் இரண்டு கருவிகளை வாங்கியது. அவற்றை நிறுவுவதற்கான அறையைப் பொதுப்பணித் துறை கட்டவில்லை. கருவிகள் பிரிக்கப்படாமலே மருத்துவமனைக் கிடங்கில் இருந்ததைத் தணிக்கை கண்டது. இதனைச் சுட்டிக்காட்டியபோது, பொதுப்பணித் துறை அறையைக் கட்டி முடிக்கும் என அரசு விடையளித்தது.

தனி மனிதர் எவரும் இங்குக் குறிக்கப்படவில்லை. துறைகளும் அலுவலகங்களும் மட்டுமே வினைமுதல்களாக வருகின்றன. செய்வினை எழுதினால் அறிக்கை குற்றச்சாட்டாக மாறிவிடும் என்னும் அச்சத்திற்கு இது விடையாகும். அரசு, துறை, இயக்ககம், தணிக்கை என்பன அஃறிணைப் பெயர்களாதலின் வினைமுற்று ‘-அது’ ஈறு பெற்று, ஆளைச் சுட்டாமல் பொறுப்பை மட்டும் சுட்டுகிறது. நடுநிலைக்குச் செயப்பாட்டு வினை இன்றியமையாதது என்னும் முதற் கருத்து இதனால் வலுவிழக்கிறது.

(4)இலும் ‘பிரிக்கப்படாமலே’ என ஒரு செயப்பாட்டு வடிவம் எஞ்சியிருப்பதைக் காணலாம். அது தற்செயலானதன்று. பெட்டியைப் பிரிக்க வேண்டியவர் யார் என்பது அவ்விடத்தில் வினா அன்று. கருவியின் நிலையே அங்குக் கூற வேண்டுவது.

5. செயப்பாட்டு வினை சிறக்கும் இடங்கள்

இரண்டாவது கருத்தினர் செயப்பாட்டு வினையை அறவே விலக்க முனைகின்றனர். செய்வினை இயலும் இடத்தில் செயப்பாட்டு வினையை எழுதாதே என்று 1946ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆர்வெல் தம் கட்டுரையொன்றில் ஆங்கில எழுத்தாளர்க்கு விதித்த விதியின் எதிரொலியை இதில் கேட்கலாம். தமிழ் அறிக்கையில் இவ்விதியை முழுமையாகப் பின்பற்ற இயலாது என்பதற்கு இரண்டு இடங்கள் சான்று.

முதலாவது, ஆய்வு முறையைக் கூறும் பகுதி. ‘எட்டு மாவட்டங்கள் தெரிவு செய்யப்பட்டன, ஒவ்வொன்றிலும் நான்கு அலுவலகங்களின் பதிவேடுகள் சரிபார்க்கப்பட்டன’ என்னும் தொடர்களில் செய்தது தணிக்கையே என்பது தலைப்பிலிருந்தே விளங்கும். ஒவ்வொரு தொடரிலும் ‘தணிக்கை’ என எழுவாய் இடுவது, தெரிவு செய்யப்பட்டவற்றின்மேல் செல்ல வேண்டிய கவனத்தைத் தெரிவு செய்தவரின்மேல் திருப்பும்.

இரண்டாவது இடம் தமிழ்த் தொடரியலுக்கே உரியது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் சொல்லின் வினைமுதலாகவும் கொள்ளும் என்பது மரபு. ஒரு பொருள் பல கைகளில் மாறிச் செல்வதைக் கூறும்போது இவ்விதி செயப்பாட்டு வினைக்குத் துணை நிற்கிறது.

(5) இத்தொகை 2014இல் ஒதுக்கப்பட்டு, 2015இல் விடுவிக்கப்பட்டு, 2016இல் செலவிடப்படாமல் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

ஒதுக்கியது சட்டமன்றம், விடுவித்தது நிதித்துறை, ஒப்படைத்தது செயற்படுத்திய துறை. செய்வினையில் எழுதினால் எழுவாய் இருமுறை மாறும். எச்சத்தால் இணைக்க இயலாது. செயப்பாட்டு வினையிலோ எழுவாய் ‘தொகை’ ஒன்றே. எச்சங்கள் முறையாக முடிகின்றன. பணத்தின் வழியைப் படிப்பவர் தடையின்றித் தொடர்கிறார். ஒதுக்கீட்டு வரலாற்றை முதலில் இவ்வாறு சுருக்கி உரைத்து, ‘ஏன் செலவிடவில்லை’ என்னும் வினா எழுந்தவுடன் செய்வினைக்கு மாறுவது நன்று.

இதே விதி மீறப்படும் இடத்தையும் குறிப்பிடல் வேண்டும்.

(6) விண்ணப்பங்களைப் பரிசீலித்து அனுமதி வழங்கப்பட்டது.

‘வழங்கப்பட்டது’ என்பதன் எழுவாய் அனுமதி. ‘பரிசீலித்து’ என்பதன் வினைமுதல் அதுவன்று. அலுவலகத் தமிழில் இவ்வமைப்பு மிகப் பரவலானது. பொருளும் ஒருவாறு விளங்கும். ஆனால், பரிசீலித்தவரும் வழங்கியவரும் ஒருவர்தாமா என்பதே தணிக்கையின் வினாவாக இருக்கும்போது இத்தொடர் அதனை மூடிவிடுகிறது. ‘வட்டாட்சியர் விண்ணப்பங்களைப் பரிசீலித்து அனுமதி வழங்கினார்’ என்றோ, ‘வட்டாட்சியர் பரிசீலித்தார், கோட்டாட்சியர் அனுமதி வழங்கினார்’ என்றோ எழுதும்போது அது திறக்கிறது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து தேர்வுக்குரிய வழியைத் தொகுத்துரைக்கலாம். ‘ஆல்’ ஏற்ற வினைமுதல் தொடரில் இருக்குமாயின் அதனைச் செய்வினையாக்குவது பெரும்பாலும் நலம். எதிர்மறைத் தொடராயின் அவ்வாறு செய்வது இன்றியமையாதது. வினைமுதல் கூறப்படாவிடின் ‘யாரால்?’ என வினவ வேண்டும். விடை வெளிப்படையாகவோ வேண்டாததாகவோ இருப்பின், அல்லது ஒரே பொருளின் வரலாற்றை எச்சங்களால் தொடுக்க வேண்டியிருப்பின், செயப்பாட்டு வினை நிற்கலாம். விடையை அறிய வேண்டிய கடமை படிப்பவர்க்கு இருப்பின் செய்வினையே வேண்டும்.

விடை அறிக்கை எழுதுபவர்க்கே தெரியாத நிலையும் உண்டு. ‘முன்பணம் வழங்க ஆணையிடப்பட்டது’ என்று எழுதிவிட்டால், தெரியாமை தெரிந்தே விடுத்ததுபோல் தோன்றும். எழுதுபவரின் அறியாமையும் செய்தவரின் மறைவும் ஒரே வடிவில் ஒன்றிவிடும். அவ்விடத்தில் ஒரு தொடரைக் கூட்டி, ‘ஆணையிட்டவர் யார் என்பதற்கான பதிவு கோப்பில் இல்லை’ என்று எழுதுவதே முறை. பதிவு இல்லை என்பதும் தணிக்கையில் ஒரு கண்டுபிடிப்பே. செயப்பாட்டு வினையின் ஈற்றில் அது கரைந்துவிடும். தனித் தொடராக நின்றால், பொதுக் கணக்குக் குழு எழுப்பும் முதல் வினா அதுவாகவே அமையக்கூடும்.