அடைமொழி இட்டு நிரப்பிய சொல்லா?

நன்னூல் அடுக்கிய பத்துக் குற்றங்களில் ஒன்று ‘கூறியது கூறல்’. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதைக்குள் போனால் பக்கத்துக்குப் பக்கம் குற்றம் கண்டுபிடிக்கலாம். வீரன் வரும்போதெல்லாம் அதே அடைமொழி, குதிரை ஏறும்போதெல்லாம் அதே வருணனை, நாட்டைச் சொல்லும்போதெல்லாம் ‘பொன்னிவளநாடு’. படித்தவர்கள் பலர் இதை வேறு பேச்சில்லாத பாடகர் இட்டு நிரப்பிய சொல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் முடிவு. ஆனால் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பும் பாதிதான் சரி.

அந்த மறுப்பைச் சொன்னவர் மில்மன் பாரி. ஹோமரின் அடைமொழிகளைப் பற்றிய அவருடைய பாரிஸ் ஆய்வேடு 1928-இல் வந்தது. கிரேக்க அடியின் கடைசிப் பகுதியில் அக்கிலீஸின் பெயர் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதி இடம் ஐந்து அசைக்கு என்றால் ‘தெய்வத்தன்மையுள்ள அக்கிலீஸ்’ என்ற பொருள் தரும் தொடர் வரும். ஏழு அசைக்கு என்றால் ‘விரைந்த காலுடைய அக்கிலீஸ்’ வரும். ஒவ்வோர் இடத்துக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு தொடர்தான் உண்டு. இந்தச் சிக்கனத்தைத் தனி ஒருவர் உட்கார்ந்து அமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பாடியவர்களின் சேமிப்பு அது என்றார் பாரி. பிறகு யுகோஸ்லாவியப் பாடகர்களிடம் நேரில் போய்ச் சோதித்தார். 1935-இல் அவர் இறந்தபின் மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்த வேலையைத் தொடர்ந்து 1960-இல் நூலாக்கினார். அந்த வழியில்தான் கைலாசபதி 1968-இல் சங்கப் பாடல்களைப் பாணர் மரபாக வாசித்தார்.

இது பெரிய கண்டுபிடிப்பு. ஆனாலும் உற்றுப் பார்த்தால், இது பழைய குற்றச்சாட்டை மறுக்கவில்லை, மன்னிக்கிறது. பாரியின் கணக்கில் ‘விரைந்த காலுடைய’ என்பது அந்த இடத்தில் தனியாக எதையும் சொல்வதில்லை. அக்கிலீஸ் என்ற பெயருக்கு அளவு கூட்டுகிறது, அவ்வளவே. நிரப்பும் சொல் நிரப்பும் சொல்லாகவே இருக்கிறது, பாடகருக்கு உதவுகிறது என்ற நற்சான்று மட்டும் கூடுதலாகக் கிடைக்கிறது.

இந்த விளக்கம் கொங்கு நாட்டுக்கு வரும்போது தடுமாறுகிறது. 1965-இல் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையைக் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் ஒலிநாடாவில் பதிவு செய்தார். உடுக்கையோடு நடக்கும் அந்த நிகழ்ச்சியில் பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும். முதற்பாடகர் சொல்ல, துணைப்பாடகர் வாங்கிச் சொல்லிக் கூடவே பாடுவார். உடுக்கை அடித்து நிறுத்தலாம், ஒரு நெடிலை நீட்டலாம், உரைநடைக்குத் தாவலாம். ஐந்து அசை, ஏழு அசை என்ற நெருக்கடி இங்கே கிரேக்கத்தில் போல இல்லை. நெருக்கடி இல்லாத இடத்திலும் அடைமொழி நிற்கிறது என்றால் யாப்பு மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

இன்னும் வலுவான சான்று ராஜஸ்தானத்திலிருந்து வருகிறது. பாபுஜி காவியத்தைப் பாடும் போபாக்களை ஆராய்ந்த ஜான் ஸ்மித், அவர்கள் பெரிதும் மனப்பாடமான வடிவத்தையே சொல்கிறார்கள் என்று காட்டினார். அந்த இடத்திலேயே புதிதாகக் கட்டவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் மரபுத்தொடர்கள் நிறைந்து கிடக்கின்றன. பாடகருக்குத் தேவையில்லாத ஊன்றுகோலை அவர் ஏன் விடாமல் வைத்திருக்கிறார்? கேட்பவருக்கு அது வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. கைலாசபதியின் வாதமும் இங்கேதான் தளர்கிறது. மரபுத்தொடர் மிகுந்திருப்பது மட்டுமே ஒரு பாட்டு வாய்மொழியாகக் கட்டப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. எழுதுகிறவனும் அதை எடுத்துக்கொள்வான்.

கேட்பவருக்கு ஏன் வேண்டும்? திருப்பூர் மண்ணரையில் இருந்து பார்த்தால் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர் கதை தொடங்கி வெகுநேரம் ஆனபின்தான் வந்து உட்காருவார். நடுவில் கண்ணயர்வார், டீ குடிக்க எழுந்து போவார், குழந்தையை வீட்டில் விட்டு வருவார். திரும்பி உட்கார்ந்ததும் காதில் விழும் முதல் அடைமொழி யார் பேசுகிறார், எந்த நாட்டில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. அச்சிட்ட புத்தகத்தில் விரல் வைத்துப் பக்கத்தைத் திருப்பலாம். உடுக்கைப் பாட்டில் அதற்கு வழியில்லை.

இது முதல் பயன் மட்டுமே. பெரிய பயன் வேறு. அண்ணன்மார் கதையின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். பொன்னரும் சங்கரும் வீரப்பூர்க் காட்டில் மாண்டபின் அவர்கள் தங்கை தங்காள் அரண்மனையைத் தீக்கிரையாக்கிவிட்டு அண்ணன்மாரைத் தேடிப் படுகளத்துக்குக் கிளம்புகிறாள். அரண்மனை எரிந்துகொண்டிருக்கும் அந்த நாட்டுக்கும் பெயர் வளநாடுதான். அந்தப் பெயரை ஒரே முறை கேட்டவருக்கு அது வெறும் இடப்பெயர். காட்டைத் திருத்தி உழுதது, அண்ணன்மாரின் தந்தை குன்னுடையாக் கவுண்டர் வாழ்ந்தது, தாய் தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவமிருந்தது, எல்லா இடத்திலும் அதைக் கேட்டுவந்தவருக்கு அந்த ஒரு பெயரோடு அத்தனையும் வந்து நிற்கும். பாடகர் குரலை உயர்த்த வேண்டியதில்லை, புது உவமை தேட வேண்டியதில்லை. தொடர் மாறாமல் இருப்பதால்தான் நிலைமை எவ்வளவு மாறிவிட்டது என்பது தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் அழகான புதுச்சொல் போட்டிருந்தால் இந்தக் கணம் கிடைத்திருக்காது.

ஜான் மைல்ஸ் ஃபோலி 1991-இல் எழுதிய நூலில் இதைத்தான் கொள்கையாக்கினார்: மரபுத்தொடர் அந்த இடத்தை மட்டும் சுட்டாது, மரபு முழுவதையும் சுட்டும். இந்த வெளிச்சத்தில் ஹோமரும் வேறாகத் தெரிகிறார். இலியத்தின் ஒன்பதாம் காண்டத்தில் தூதர்கள் வந்து போருக்குக் கூப்பிடும்போது அக்கிலீஸ் தன் குடிலில் உட்கார்ந்திருக்கிறான், வரமாட்டேன் என்கிறான். அங்கேயும் அவன் ‘விரைந்த காலுடையவன்’தான். பாரி இதைப் பொருளற்றது என்பார். அந்தக் கால்கள் நகர மறுப்பதுதானே அந்தக் காண்டத்தின் நெருக்கடி?

எல்லா இடத்திலும் இப்படிப் பொருள் சுரக்கும் என்று சொன்னால் அது திறனாய்வு ஆகாது. தொல்காப்பியமே அசைநிலை, இசைநிறை என்று பொருளற்ற சொற்களுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. நிரப்பும் சொல் உண்மையிலேயே உண்டு. பிரித்தறிய நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுதான். அந்தத் தொடரைக் காவியம் முழுக்க நீக்கிப் பார்க்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் நீக்கினால் எதுவும் தெரியாது. முழுக்க நீக்கியபின் பின்னால் வரும் ஏதாவது ஒரு காட்சி பலமிழந்தால் அது நிரப்பு அல்ல. ‘வளநாடு’ இதில் தேறும். அச்சிட்ட அம்மானை நூல்களில் அடிகளின் கடைசியில் வந்து விழும் ‘அம்மானை’ என்ற விளி தேறாது. பாடும்போது மூச்சுக்கும் தாளத்துக்கும் அது உதவியிருக்கும், கண்ணால் படிக்கும்போது அடியை முடிப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. இந்தப் பொருள் கதையை முன்பே அறிந்தவர் காதில்தான் நிகழும். பிழைப்புக்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் தங்கியவர்களுக்கு அந்த அடைமொழி வெறும் ஓசையாகவே கேட்கும். அது பாட்டின் குறையும் அல்ல, அவர்கள் குறையும் அல்ல.

ஆகவே கூறியது கூறல் என்ற விதி இந்த வழக்கில் செல்லாது. ஒரு செய்தியை ஒரு முறை தெளிவாகச் சொல்லவேண்டிய நூலுக்கு எழுதிய விதி அது. விடிய விடிய ஊர் கூடிக் கேட்கும் பாட்டுக்கு எழுதியதல்ல. பெக் தாம் பதிவு செய்த அதே பாடகரிடம் கதையைச் சொல்லச்சொல்லி எழுதியும் வாங்கினார், அந்த வடிவம் பாடியதைவிட நன்றாகச் சுருங்கியிருந்தது. கதை முழுசாக இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு அண்ணன்மார் கதையின் கலையை எடைபோடுவது நியாயமில்லை. இனி பதிப்பிக்கிறவர்கள் பக்கம் மிச்சப்படுத்த ‘அம்மானை’ விளியை வேண்டுமானால் நீக்கட்டும். நாட்டின் பெயரோடும் ஆளின் பெயரோடும் ஒட்டிய அடைமொழியில் கை வைக்கக்கூடாது, ‘முன்போலவே’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுத் தாண்டிப்போகவும் கூடாது.