ஈரக்கோடு நகராத பலகை

1984 ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் வந்த ஒரு கணக்கு எனக்கு இன்றும் தெவிட்டவில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள, சீரான மரப்பலகை. அதன் ஒரு முனை தொட்டியின் அடியில் கீல் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. தண்ணீர் அரை மீட்டர் உயரம் நிற்கிறது. மரத்தின் ஒப்படர்த்தி 0.5. செங்குத்து நிலையை விட்டுவிட்டு, பலகை எந்தக் கோணத்தில் சாய்ந்து நிற்கும்?

அந்த இரண்டு 0.5-களைப் பாருங்கள். மிதக்கும் பொருளில் மிதப்பு விசையும் எடையும் சமம் என்று பள்ளியில் படித்த மாணவர், பலகையில் பாதி, அதாவது 50 செ.மீ., தண்ணீருக்குள் இருக்கும் என்பார். தண்ணீரின் உயரமும் 50 செ.மீ. அப்படியானால் பலகை நேராக நின்றாக வேண்டும். கேள்வி விலக்கி வைத்த விடையிலேயே போய் முட்டிக்கொள்வார். கணக்கை அமைத்தவர் எண்களைத் தேர்ந்த அழகு இது! தவறான வழியில் போனவருக்கு, வழி தவறு என்பதை விடையே சொல்லிவிடுகிறது.

தவறு கீலை மறந்ததில் இருக்கிறது. கீலும் பலகையின் மேல் ஒரு விசையைச் செலுத்துகிறது. அதன் அளவு நமக்குத் தெரியாது. ஆகவே கீலையே மையமாக வைத்துத் திருப்புத்திறன் எடுக்கிறோம். கீலின் விசைக்கு அங்கே திருப்புத்திறன் இல்லை. கணக்கிலிருந்து அது விலகிவிடும். எடை பலகையின் நடுவில், கீலிலிருந்து L/2 தூரத்தில் செயல்படுகிறது. மிதப்பு விசையோ நனைந்த பகுதியின் நடுவில், x/2 தூரத்தில். பலர் இதையும் பலகையின் நடுவிலேயே போட்டுவிடுவார்கள். இரண்டு விசைகளும் செங்குத்தானவை என்பதால் இரண்டு திருப்புத்திறனிலும் ஒரே sin θ வருகிறது (θ என்பது செங்குத்தோடு உள்ள கோணம்). அதை அடித்தால் மிஞ்சுவது இதுதான்:

x² = s L²

s ஒப்படர்த்தி, x நனைந்த நீளம். s = 0.5 என்றால் x = 70.7 செ.மீ. தண்ணீரின் உயரம் h என்றால் cos θ = h/x; இங்கே 50/70.7, கோணம் 45 பாகை.

மாணவர்கள் 45-ஐ எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். நான் x² = s L² என்ற வரியிலேயே நின்றுவிடுவேன். அதில் தண்ணீரின் உயரமே இல்லை! தொட்டியில் 20 செ.மீ. தண்ணீர் இருந்தாலும் 60 செ.மீ. இருந்தாலும் பலகையில் நனைவது அதே 70.7 செ.மீ.தான். மட்டம் ஏற ஏறப் பலகை நிமிர்கிறது: 20-இல் சுமார் 74 பாகை, 60-இல் 32. ஈரக்கோடு மட்டும் பலகையில் இருந்த இடத்திலேயே இருக்கும். மட்டம் 70.7-ஐத் தொட்டதும் பலகை செங்குத்தாகிவிடும். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால்தான் கோடும் ஏறும். தண்ணீர் பலகையின் தடிமன் அளவுக்கு வற்றிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

விலக்கி வைத்த செங்குத்து நிலையும் பொய்யில்லை. sin θ-வை அடித்தபோது நழுவிப்போன விடை அது. 50 செ.மீ. தண்ணீரில் பலகையை நேராக நிறுத்தலாம். விரலால் லேசாகத் தட்டினால் எடையின் திருப்புத்திறன் வென்று, அது 45 பாகைக்குச் சாய்ந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் மரம் இந்தச் சோதனைக்கு ஏற்றது. காய்ந்த பைனின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 0.5. 100 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் உள்ள துண்டு சுமார் ஒரு கிலோ இருக்கும். தண்ணீர் அதை 1.41 கிலோ அளவுக்கு மேலே தள்ளுகிறது. மிச்சமுள்ள 410 கிராமைக் கீல்தான் கீழே பிடித்து வைக்கிறது. கீலை ஒரு முழுச் செங்கல்லில் கட்டினால் போதும்.

ஆலைத் தொட்டிகளில் தண்ணீர் நிரம்பியதும் அடைத்துக்கொள்ளும் மிதவை வால்வுக்கும் கீல் உண்டு, ஆனால் மேலே. நம் பலகையை அப்படித் தண்ணீருக்கு மேலே மாட்டி, மறுமுனையை நனையவிட்டால் கணக்கு திரும்பிவிடுகிறது: இப்போது மாறாமல் இருப்பது உலர்ந்த பகுதி, L√(1−s). s = 0.5 என்றால் அதுவும் அதே 70.7 செ.மீ.

கீலை மறுபடி தொட்டியின் அடியிலேயே மாட்டி, வர்ணம் பூசாத பலகையை இரவு முழுக்க ஊறவிடுங்கள். மரம் தண்ணீர் குடித்துக் கனக்கும். ஈரக்கோடு மெல்ல மேலேறும். கோடு 80 செ.மீ.யில் நின்றால் 0.8-ஐ 0.8-ஆல் பெருக்குங்கள்: ஊறிய மரத்தின் ஒப்படர்த்தி 0.64.