சனிக்கிழமை இல்லாத கதை

எங்கள் வாசிப்புக் குழுவுக்கு சமீபத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. எழுதியவருக்கு இது இரண்டாவது கதையாம். இன்னும் அச்சில் வராததால் அவர் பெயரும் தலைப்பும் இங்கே வேண்டாம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளி விட்டுத் திரும்பும் வழியில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் உடைந்து கிடக்கும் குழாய்க்குள் இருக்கும் பூனைக்குட்டிக்கு யாருக்கும் தெரியாமல் தினமும் தீனி வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. குழுவில் பாதிப்பேர் "நல்லாருக்கு, ஆனா பூனைக்குட்டி கதைதானே" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் நேரத்தைப் பாருங்கள். மணி அடிப்பது 4.10க்கு. வீட்டுக்கு நடை இருபது நிமிஷம். அம்மா கதவருகே நிற்பது 4.40க்கு. இடையில் மிஞ்சுவது பத்தே நிமிஷம். இந்தக் கணக்கை ஆசிரியர் எங்கும் போட்டுக் காட்டவில்லை. மூன்று நேரங்களையும் வெவ்வேறு பக்கங்களில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கூட்டிப் பார்த்தால்தான் புரிகிறது, அவள் ஒளித்து வைத்திருப்பது பூனையை மட்டுமில்லை. தனக்கென்று யாரும் கணக்குக் கேட்காத பத்து நிமிஷத்தை. "எங்கடி இவ்ளோ நேரம்?" என்று அம்மா ஒரே ஒருமுறை கேட்கும்போது நமக்குப் பதறுவது அதனால்தான்.

அடுத்தது, பால். முதல் சில நாட்கள் தண்ணீர் பாட்டில் மூடியில் பசும்பால் ஊற்றி வைக்கிறாள். குட்டியின் பின்பக்க மயிர் ஈரமாகி ஒட்டிக்கொள்கிறது, நாற்றம் வருகிறது. தான் லேட்டாக வந்ததால்தான் அதற்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து மறுநாள் ஓடியே வருகிறாள், இன்னும் கொஞ்சம் கூடப் பால் வைக்கிறாள். பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும்: பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். ஆசிரியர் இதை விளக்கவில்லை. அவளுக்குத் தெரியாததை நாம் தெரிந்துகொண்டு பார்க்கிறோம். அவள் அன்பு கூடக்கூட குட்டி வாடுகிறது. பிறகு ஒருநாள் பால் கிடைக்காமல், சத்துணவு முட்டையைத் தின்னாமல் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்து மசித்துப் போடுகிறாள். குட்டி தேறிவிடுகிறது. காரணம் அவளுக்கு இப்போதும் தெரியாது. மதியம் முட்டை இல்லாமல் சோறு தின்றவள் மாலையில் வீட்டில் இரண்டாவது தோசை கேட்கிறாள்; பசி என்ற சொல் கதையில் ஓரிடத்திலும் வராது. கதையின் பலமே இந்த இடம்தான்.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. கதையில் சனி, ஞாயிறு இல்லை. பள்ளி இல்லாவிட்டால் சத்துணவு முட்டை இல்லை, வீட்டைவிட்டு வெளியே வரச் சாக்கு இல்லை, அந்தப் பத்து நிமிஷமும் இல்லை. ரகசியம் மிகக் கடினமாவது அன்றைக்குத்தான். வெள்ளியிலிருந்து திங்கள் வரை அந்தச் சின்னக் குட்டி என்ன தின்றது? தாய்ப்பூனை வந்து போயிருக்கலாம், வேறு யாராவது வைத்திருக்கலாம். எப்படியானாலும் "எனக்கு மட்டும்தான் தெரியும்" என்ற அவள் நம்பிக்கையில் விரிசல் விழுந்திருக்கும். திங்கட்கிழமை குழாயோரம் இன்னொருவர் வைத்த மீன்முள் கிடந்திருந்தால் அவள் சந்தோஷப்படுவாளா, பொறாமைப்படுவாளா? கதை இந்தக் கேள்விக்கு மிக அருகில் வந்துவிட்டு, "தினமும்" என்ற ஒரு சொல்லால் தாண்டிப் போய்விடுகிறது.

முடிவில் ஒருநாள் குட்டி வரவில்லை. செத்ததாகவோ வண்டியில் அடிபட்டதாகவோ காட்டாததற்கு ஆசிரியருக்கு நன்றி சொல்லவேண்டும். வளர்ந்த பூனை தன் வழியில் போயிருக்கும். அவள் கொஞ்ச நேரம் நிற்கிறாள், பிறகு முட்டையைத் தானே தின்றுவிட்டு நடக்கிறாள். இங்கே எனக்கு அசோகமித்திரனின் 'எலி' ஞாபகம் வந்தது. எலிப்பொறிக்குள் தின்னப்படாமல் கிடக்கும் அந்த வடையைக் காட்டிவிட்டு அவர் நிறுத்திக்கொள்கிறார். குற்ற உணர்ச்சி முழுக்க அந்த வடையில் இருக்கிறது, விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இந்தக் கதையிலும் தின்னப்பட்ட முட்டை அதே வேலையைச் செய்துவிட்டது. ஏமாற்றம், விடுதலை, பல நாள் பசி எல்லாம் அதில் இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு பத்தி வருகிறது. அன்று அவள் பெரியவளாகிவிட்டாள், இழப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொண்டாள் என்கிறது. ஏழாம் வகுப்புப் பெண்ணின் கண் உயரத்தில் இதுவரை நின்ற கதை, சட்டென்று ஒரு டீச்சரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பத்தியை வெட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன். கூடவே ஒரு சனிக்கிழமையும் கேட்டிருக்கிறேன்.